மூன்று ‘ஒரு நார்மல்’ பாட்டில்கள்: நீர்த்த கரைசலின் லேபிளில் எதை எழுதுவது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் கேரட், உருளைக்கிழங்கு வயல்களிலிருந்தும் பையில் மண் வரும். எங்கள் அலமாரியின் நடுத் தட்டில் மூன்று பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒன்று கந்தக அமிலம், ஒன்று சோடியம் ஹைட்ராக்சைடு. மூன்றுமே ஒரு நார்மல் என்ற ஒரே திறன், மூன்றுமே தண்ணீர் மாதிரி நிறமில்லாதவை. புதிதாக வருகிற பயிற்சி மாணவர்களிடம் இதில் எது கையைப் பொசுக்கும் என்று கேட்டால், பெரும்பாலானோர் கந்தக அமிலத்தைக் காட்டுவார்கள். கணக்குப்படி விடை சோடியம் ஹைட்ராக்சைடு. லேபிளைப் பார்த்தவுடனே அந்த விடை தெரிய வேண்டும் என்பதுதான் என் கவலை.

கம்பெனியிலிருந்து வரும் ஸ்டாக் பாட்டிலில் எல்லாம் அச்சடித்து வந்துவிடுகிறது. சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரத்துக்குள் படம், அதன் பக்கத்தில் ‘டேஞ்சர்’ அல்லது ‘வார்னிங்’ என்ற சொல், கீழே இரண்டு மூன்று வரி அபாய வாக்கியங்கள். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. அந்த ஸ்டாக்கிலிருந்து நாம் நீர்த்துச் செய்து வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கிறோமே, அந்த இரண்டாவது பாட்டிலுக்கு லேபிள் எழுதுவது நாம்தான். அதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. பெயரும் திறனும் மட்டும் எழுதுவது முதல் வழி. ஸ்டாக் பாட்டிலில் இருப்பதை அப்படியே நகலெடுப்பது இரண்டாவது. நீர்த்த பிறகு இருக்கும் சதவீதத்துக்கு என்ன சின்னம், என்ன சொல் வரும் என்று பார்த்து எழுதுவது மூன்றாவது. நான் மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். இப்போது மூன்றாவதில் நிற்கிறேன், ஓரிரு இடங்களில் மட்டும் இரண்டாவதை விடாமல் வைத்திருக்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் படத்தையும் சொல்லையும் சேர்த்துப் படிப்பது எப்படி என்று பார்த்துவிடலாம். இது தெரியாமல் எந்த வழியைப் பிடித்தாலும் பயனில்லை.

ஜி.எச்.எஸ். என்று சொல்லப்படும் ஐ.நா. முறையில் மொத்தம் ஒன்பது சின்னங்கள். ஆனால் எந்தச் சின்னமும் தனியாக முழுச் செய்தியைச் சொல்வதில்லை. சோதனைக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றி, ஒரு கையும் ஓர் உலோகக் கட்டியும் அரித்துப்போகிற மாதிரி ஒரு படம் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு படம் மூன்று வேறு விஷயங்களுக்கு வரும். தோலைப் பொசுக்கும் என்பதற்கும் அதுதான், கண்ணை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதற்கும் அதுதான், உலோகத்தை அரிக்கும் என்பதற்கும் அதுதான். தோலுக்கோ கண்ணுக்கோ என்றால் பக்கத்தில் ‘டேஞ்சர்’ என்று இருக்கும். உலோகத்துக்கு மட்டும் என்றால் ‘வார்னிங்’ என்றுதான் இருக்கும். ஆக, படம் ஒன்றேயாக இருக்கும்போது பொருளை மாற்றுவது சொல்.

சொல்லுக்கும் ஒரு விதி உண்டு. ஒரு லேபிளில் ஒரே ஒரு சமிக்ஞைச் சொல்தான் வர வேண்டும். ஓர் அபாயத்துக்கு ‘டேஞ்சர்’ வந்துவிட்டால், மற்ற அபாயங்களுக்கு ‘வார்னிங்’ என்று இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும். சின்னங்களிலும் இதே போல ஒன்று மற்றொன்றை விழுங்கும். தோலைப் பொசுக்கும் என்று அரிப்புச் சின்னம் வந்துவிட்டால், தோல் எரிச்சலுக்கான ஆச்சரியக்குறி தேவையில்லை. நச்சுக்கு மண்டையோடு வந்துவிட்டால், குறைந்த நச்சுக்கான ஆச்சரியக்குறி தேவையில்லை.

சரி, முதல் வழிக்கு வருவோம். ‘சோடியம் ஹைட்ராக்சைடு 2.5%’ என்று மார்க்கரில் எழுதி, கீழே ஒரு தேதி. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கூடத்தில் இதுதான் வழக்கம். வேகமானது, தப்பில்லாதது போலவும் தெரியும். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரிகிறதே, வேறென்ன வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன்.

அந்த 2.5 சதவீதக் கரைசல், மண்ணில் கிடைக்கக்கூடிய தழைச்சத்தை அளக்கும் முறையில் தினமும் புழங்குவது. 20 கிராம் மண்ணில் 0.32 சதவீத பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் 2.5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடும் நூறு நூறு மில்லி ஊற்றிக் காய்ச்சி, வெளிவரும் அம்மோனியாவைப் போரிக் அமிலத்தில் பிடிப்போம். சுப்பையாவும் அசிஜாவும் 1956-ல் சொன்ன முறை, தமிழ்நாட்டில் மண் சோதிக்கிற யாருக்கும் பழக்கமானது. ஒரு நாள் சாயங்காலம், கண்ணாடிப் பொருள்களைக் கழுவ வரும் அக்கா அந்தப் பாட்டிலின் அடியில் மிச்சமிருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வெறுங்கையால் உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்திருக்கிறார். கை வழவழவென்று ஆனது. சோப்புத் தண்ணீர்தான் போல என்று தொடர்ந்து கழுவியிருக்கிறார். அரை மணி நேரம் கழித்துத்தான் விரல் இடுக்குகளில் எரிச்சல். மறுநாள் தோல் வெள்ளையாக ஊறி உரிந்தது.

காரத்தின் குணம் அது. அமிலம் பட்டால் உடனே சுருக்கென்று குத்தும், கையை இழுத்துக்கொள்வோம். காரம் தோலின் கொழுப்போடு சேர்ந்து அதைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். அந்த வழவழப்பே தோல் கரைவதன் அறிகுறி. வலி பிறகுதான் வரும்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ரெண்டரைதான போட்டிருந்துச்சுங்க. பக்கத்துல அம்பது, அறுபதுன்னெல்லாம் இருக்குது. இது கம்மின்னு நெனச்சுட்டேன்.” அவர் லேபிளைப் படித்திருக்கிறார். படித்ததிலிருந்து சரியாகத்தான் யோசித்திருக்கிறார். எண் சின்னது, ஆகவே ஆபத்து சின்னது. லேபிள் அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பெயரும் திறனும் வேதியியல் தெரிந்தவருக்கு மட்டும்தான் அபாயமாக மாறும். மற்றவருக்கு அது வெறும் எண்.

ஆகவே முதல் வழி எங்கே போதும் என்று கேட்டால், ஒரே இடத்தில்தான் போதும். ஊற்றியவரே, அதே ஷிப்டில், தன் கண்முன்னால் வைத்துக்கொண்டே பயன்படுத்தித் தீர்த்துவிடுகிற பீக்கர் அல்லது பியூரெட். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிகளிலும் உடனடிப் பயன்பாட்டுக்கான பாத்திரத்துக்கு மட்டும் இந்த விலக்கு உண்டு, அதுவும் ஊற்றியவர் கையிலேயே இருக்கும் வரைக்கும்தான். சாப்பாட்டுக்கு எழுந்து போனாலே அந்தப் பாத்திரம் அடுத்தவர் கைக்கு வந்துவிட்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் தாவியது இரண்டாவது வழிக்கு. ஸ்டாக் பாட்டிலில் என்னென்ன சின்னமோ, அத்தனையும் நீர்த்த பாட்டிலிலும். இதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு: யோசிக்க வேண்டியதில்லை, கணக்கு இல்லை, தப்பு நடந்தாலும் கடுமையான பக்கம்தான் நடக்கும். ஒரே ஒரு ஆசிரியர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு இதைத்தான் நான் இன்றும் சொல்வேன்.

ஆனால் எங்கள் கூடத்தில் இரண்டு மாதத்திலேயே இதன் குறை தெரிந்தது. 0.02 நார்மல் கந்தக அமிலம் என்று ஒன்று வைத்திருப்போம், அம்மோனியாவை டைட்ரேட் செய்ய. அதில் அமிலம் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. நகல் முறைப்படி அதன் மேலும் அரிப்புச் சின்னம், ‘டேஞ்சர்’, ‘தோலைக் கடுமையாகப் பொசுக்கும்’. பக்கத்தில் 98 சதவீத ஸ்டாக் பாட்டிலிலும் அதே சின்னம், அதே சொல், அதே வாக்கியம். டைட்ரேஷன் செய்யும் தம்பிக்குத் தினமும் அந்த நீர்த்த அமிலம் விரலில் படுகிறது, ஒன்றும் ஆவதில்லை. ஒரு நாள் அதே கையுறையில்லாத கையோடு ஸ்டாக் பாட்டிலைத் தூக்கினார். நான் கேட்டதற்கு, “எல்லாத்துலயும் அதேதான அண்ணா எழுதியிருக்கு” என்றார். ‘டேஞ்சர்’ என்ற சொல்லை நான்தான் அவருக்குப் பொருளில்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

நகல் முறைக்கு இன்னொரு மறைமுக வடிவமும் உண்டு. காலியான ஸ்டாக் பாட்டிலைக் கழுவி, அதில் நீர்த்த கரைசலை ஊற்றி, பழைய அச்சு லேபிளின் மேல் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டுவது. சீட்டு விழுந்துவிட்டால் பாட்டில் சொல்வது முழுப் பொய்யாகிவிடும். பழைய லேபிளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பாட்டிலை மறுபடி பயன்படுத்த வேண்டும்.

இனி மூன்றாவது வழி. இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெளியே இருந்து பார்க்கும்போது தெரிகிற அளவுக்கு இது கஷ்டமில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும், எத்தனை சதவீதத்துக்கு மேல் என்ன வகைப்பாடு என்று ஓர் எல்லை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் பல பொருள்களுக்கு இந்த எல்லைகளைச் சட்டப்படி வகுத்திருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாட்டில்களின் பாதுகாப்புத் தரவுத் தாளில், எம்.எஸ்.டி.எஸ். என்று நாம் சொல்வதில், மூன்றாம் பகுதியில் இவற்றைப் பல கம்பெனிகள் அச்சடிக்கின்றன. கந்தக அமிலத்துக்கு 15 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் தோலைப் பொசுக்கும் வகை. 5 முதல் 15-க்குள் என்றால் தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல் தரும் வகை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இதே எல்லைகள் 25-ம் 10-ம். சோடியம் ஹைட்ராக்சைடுக்கோ 2 சதவீதத்திலேயே பொசுக்கும் வகை தொடங்கிவிடுகிறது, 5-க்கு மேல் அதிலும் மிகக் கடுமையான உட்பிரிவு. எரிச்சல் வகை 0.5 முதல் 2-க்குள். கந்தக அமிலத்தின் 15-ஐயும் இதன் 2-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்காவின் கை ஏன் உரிந்தது என்பது அதிலேயே இருக்கிறது.

இந்த எல்லைகள் எல்லாம் எடைக்கு எடை சதவீதத்தில். நாம் கரைசல் செய்வது லிட்டருக்கு இத்தனை கிராம் என்று. மாற்றுவது எளிது. ஒரு லிட்டரில் உள்ள பொருளின் கிராமை, அந்த ஒரு லிட்டர் கரைசலின் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். நம் மூன்று பாட்டில்களையே எடுப்போம்.

ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லிட்டருக்கு 36.5 கிராம். கிட்டத்தட்ட 3.6 சதவீதம். எரிச்சல் எல்லையான 10-ஐக்கூட எட்டவில்லை. ஒரு நார்மல் கந்தக அமிலத்தில் லிட்டருக்கு 49 கிராம், கரைசலின் எடை சுமார் 1030 கிராம், ஆக 4.8 சதவீதம் அளவில். எரிச்சல் எல்லையான 5-க்கு மயிரிழை கீழே. ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் லிட்டருக்கு 40 கிராம், எடை சுமார் 1040, ஆக 3.8 சதவீதம். பொசுக்கும் எல்லையான 2-ஐத் தாண்டி ஏறக்குறைய இரு மடங்கு.

அப்படியானால் இரண்டு அமிலங்களுக்கும் சின்னமே வேண்டாமா? வேண்டும். அவை உலோகத்தை அரிக்கும். விற்பனைக்கு வரும் ஒரு நார்மல் அமிலக் கரைசல்களின் பாட்டிலில் அரிப்புச் சின்னமும் ‘வார்னிங்’ என்ற சொல்லும் H290 என்ற குறியும் பொதுவாக இருக்கும். அது உலோகத்துக்கானது. சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலில் அதே சின்னம், ஆனால் ‘டேஞ்சர்’, H314. அது தோலுக்கும் கண்ணுக்குமானது. ஆக மூன்று பாட்டிலிலும் படம் ஒன்றே. சொல் ஒன்றில் மட்டும் வேறு. படத்தை மட்டும் பெரிதாக ஒட்டி, சொல்லை ஓரத்தில் குட்டி எழுத்தில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். எங்கள் லேபிளில் சொல் படத்தின் அளவுக்குப் பெரிதாக இருக்கும்.

எல்லையை ஒட்டி வந்தால் என்ன செய்வது? அரை நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் லிட்டருக்கு 20 கிராம். எடைக்கு எடை பார்த்தால் 1.96 சதவீதம் வரும், எல்லை 2. தாளின்படி அது வெறும் எரிச்சல் வகை, ஆச்சரியக்குறியும் ‘வார்னிங்’கும். ஆனால் நிறுக்கும்போது ஒரு கிராம் கூடினாலே எல்லை தாண்டிவிடும். கையால் நிறுத்துச் செய்கிற கரைசலுக்கு இவ்வளவு நெருக்கத்தில் சலுகை எடுக்கக் கூடாது. எல்லைக்குப் பத்தில் ஒரு பங்குக்குள் வந்தால் கடுமையான பக்கத்துக்கே எழுதுவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அதன்படி ஒரு நார்மல் கந்தக அமிலத்துக்கும் எரிச்சல் வாக்கியத்தைச் சேர்த்துவிட்டோம். இது விதியல்ல, எங்கள் முடிவு.

இந்த வழிக்கு ஒரு வரம்பும் உண்டு. தனி எல்லை தரப்படாத பொருள்களுக்குப் பொது எல்லை என்று ஒன்று உண்டு, ஆனால் அமிலமோ காரமோ என்றால் அதை நம்பிச் சின்னத்தைக் குறைக்கக் கூடாது. அங்கே பி.எச். பார்க்க வேண்டும். 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே என்றால், வேறு சான்று இல்லாத வரையில் பொசுக்கும் வகையாகவே எழுத வேண்டும்.

இதுவரை சொன்னதில் நீர்க்க நீர்க்க அபாயம் குறைகிறது என்ற தோற்றம் வந்திருக்கும். அமிலத்துக்கும் காரத்துக்கும் அது உண்மை. எங்கள் அலமாரியில் அந்தத் தோற்றத்தை உடைக்கிற பாட்டில் ஒன்று இருக்கிறது: ஒரு நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட். மண்ணின் கரிமச் சத்தை அளக்கும் வாக்லி-பிளாக் முறைக்கு, 1934-லிருந்து புழங்குகிற முறை அது, ஒவ்வொரு மாதிரிக்கும் இதில் 10 மில்லி வேண்டும். லிட்டருக்கு 49.04 கிராம். சதவீதம் 4.7 அளவில். ஒரு நார்மல் கந்தக அமிலமும் ஏறக்குறைய அதே சதவீதம்தான்.

டைகுரோமேட் உப்பின் பாட்டிலில் ஐந்து சின்னங்கள் நெருக்கியடித்து இருக்கும். வட்டத்தின் மேல் தீ, மண்டையோடு, அரிப்பு, நெஞ்சில் வெடிப்பு விழுந்த மனித உருவம், பட்ட மரமும் செத்த மீனும். கரைத்த பிறகு எது போகும், எது நிற்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வட்டத்தின் மேல் தீ என்பது எரிதலை ஊக்குவிக்கும் உப்புக்கானது, ஐந்து சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர்க் கரைசலில் அது நீங்கும். மண்டையோட்டுக்கு, நச்சின் கணக்கு எல்லையை ஒட்டியே வருகிறது, ஆகவே எங்கள் வழக்கப்படி அதை எடுக்கவில்லை. அரிப்புச் சின்னம் தோலுக்காக நிற்காது, ஆனால் கண்ணுக்காக நிற்கும். தோலைப் பொசுக்கும் பொருள் 3 சதவீதம் இருந்தாலே, பொது எல்லைப்படி கண்ணைக் கெடுக்கும் வகை வந்துவிடுகிறது. மரமும் மீனும் நிற்கும், அதனால்தான் இதன் கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. எங்கள் தொட்டியின் தண்ணீர் கீழே ஓடைக்குத்தான் போகும்.

நெஞ்சில் வெடிப்பு விழுந்த அந்த மனித உருவம்தான் இந்தப் பாட்டிலில் தலையானது. புற்றுநோய், மரபணுக் கேடு ஆகியவற்றுக்கு உறுதியான வகையில் வரும் பொருளுக்கு எல்லை 0.1 சதவீதம். கருவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் கேடு என்றால் 0.3. நம்முடையது 4.7. இந்தச் சின்னம் போக வேண்டுமானால் ஒரு நார்மல் கரைசலை ஏறக்குறைய ஐம்பது மடங்கு நீர்க்க வேண்டும். ஆகவே 4.8 சதவீத அமிலத்தின் மேல் ‘வார்னிங்’, 4.7 சதவீத டைகுரோமேட்டின் மேல் ‘டேஞ்சர்’. தொட்டால் இரண்டுமே உடனே ஒன்றும் செய்யாது. அதனால்தான் லேபிள் தேவைப்படுகிறது.

இதே சின்னம் இன்னொரு பாட்டிலிலும் வந்தது, அது எனக்கே அதிர்ச்சி. அம்மோனியாவைப் பிடிக்கிற 2 சதவீதப் போரிக் அமிலம். கண்ணுக்கு மருந்தாகக் கேள்விப்பட்ட பொருள், கேரம் போர்டில் தூவுகிற பொடி, இதற்கென்ன சின்னம் என்று பல வருடம் வெறும் பெயரோடு வைத்திருந்தோம். ஐரோப்பியப் பட்டியலில் இதற்கு முன்பு 5.5 சதவீதம் என்று தனி எல்லை இருந்தது. அப்போது 2 சதவீதத்துக்கு ஒன்றும் எழுத வேண்டியதில்லை. அந்தத் தனி எல்லையை நீக்கிவிட்டார்கள். 2022 டிசம்பர் முதல் பொது எல்லையான 0.3 சதவீதம்தான். இப்போது அதே கரைசலுக்கு மனித உருவமும் ‘டேஞ்சர்’ என்ற சொல்லும், கருவுறுதலுக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் கேடு வரலாம் என்ற வாக்கியமும் வருகின்றன. பாட்டிலில் இருப்பது மாறவில்லை, தாள்தான் மாறியது. எங்கள் கூடத்தில் கர்ப்பமாக இருந்த ஒரு தங்கை இந்தக் கரைசலைத் தயாரிக்கிற வேலையை அப்போதே வேறொருவருக்கு மாற்றினோம். தரவுத் தாளின் தேதியைப் பாருங்கள். 2022-க்கு முந்தைய தாளை வைத்துப் போரிக் அமிலத்துக்கு லேபிள் எழுதாதீர்கள்.

இண்டிகேட்டர் குப்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மெத்தில் ரெட், புரோமோகிரசால் கிரீன் எல்லாம் ஆல்கஹாலில் கரைத்து வைத்திருப்போம். பெயர் சாயத்தின் பெயராக இருக்கும், அபாயம் ஆல்கஹாலினுடையது. தீச்சுடர்ச் சின்னம் போட வேண்டும்.

மூன்றையும் எடை போட்டால் என் முடிவு இதுதான். ஒன்றுக்கு மேற்பட்டவர் புழங்குகிற, ஒரு நாளுக்கு மேல் அலமாரியில் நிற்கிற எந்தக் கரைசலுக்கும் மூன்றாவது வழி. தரவுத் தாள் கையில் இல்லாத பொருள், எல்லை சரியாகத் தெரியாத பொருள் என்றால் இரண்டாவது வழி, தாள் கிடைக்கும் வரைக்கும். ஒரு பள்ளியிலோ இருவர் மட்டும் உள்ள இடத்திலோ இரண்டாவது வழியையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் மிக நீர்த்த டைட்ரேஷன் கரைசல்களை மட்டுமாவது அதிலிருந்து பிரித்துவிடுங்கள். முதல் வழி கையிலிருக்கும் பீக்கருக்கு மட்டும்.

மூன்றாவது வழிக்கு நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: எங்களிடம் திரும்பத் திரும்பச் செய்கிற கரைசல்கள் பதினான்கு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பதினான்குக்கும் பார்த்து, ஒரே தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். அப்புறம் புதிதாகக் கரைசல் செய்கிறவர் அந்தத் தாளைப் பார்த்து எழுதினால் போதும். திறனை மாற்றினால் மட்டும் மறுபடி கணக்குப் போட வேண்டும். பாதி காலியான பாட்டிலில் வேறு திறனில் புதிதாக ஊற்றி நிரப்பும் பழக்கத்தை அன்றோடு நிறுத்தினோம், ஏனென்றால் அந்தக் கலவையின் சதவீதம் எந்தத் தாளிலும் இருக்காது.

இந்த மலையில் இன்னொரு தொல்லை, லேபிள் நிற்பதே இல்லை. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரைக்கும் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். காகித லேபிளின் பசை ஊறிக் கழன்றுவிடும், இங்க் பேனா எழுத்து நீலக் கறையாகப் பரவும். குளிர்ந்த பாட்டிலில் வியர்த்த மாதிரி நீர் படிந்திருக்கும்போது ஒட்டினால் இரண்டு நாள்கூட நிற்காது. நாங்கள் காலிப் பாட்டிலைத் துடைத்துக் காயவைத்து, கரைசல் ஊற்றுவதற்கு முன்பே லேபிளை ஒட்டிவிடுகிறோம். பென்சிலில் எழுதி, மேலே அகலமான செலோ டேப்பைப் பாட்டிலைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, டேப்பின் முனை டேப்பின் மேலேயே ஒட்டுகிற மாதிரி முடிக்கிறோம். ஆல்கஹாலும் அசிட்டோனும் உள்ள பீய்ச்சு பாட்டில்களில் மார்க்கர் எழுத்து ஒரே சொட்டில் அழிந்துவிடும், பென்சில் அழியாது. சிவப்புச் சாய்சதுரங்களை மட்டும் அச்சடித்து வெட்டி, ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறோம்.

2.5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலில் இப்போது இருப்பது இது. மேலே அரிப்புச் சின்னம், அதன் பக்கத்தில் அதே உயரத்தில் ‘அபாயம் – டேஞ்சர்’. அடுத்த வரியில் ‘சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், NaOH, 100 மில்லிக்கு 2.5 கிராம்’. அதன் கீழே தமிழில் ‘தோலைப் பொசுக்கும், கண்ணைக் கெடுக்கும். வழவழவென்று இருந்தால் உடனே தண்ணீரில் கழுவவும். கையுறை, கண்ணாடி’. கடைசியில் செய்த தேதி, செய்தவர் கையெழுத்து. அந்த ‘வழவழ’ வரி எந்த விதியிலும் கிடையாது. இப்போதைய கூடத்தில் கழுவுகிற வேலைக்கு வரும் அக்காவிடம் லேபிளைப் படிக்கச் சொல்லி, எது புரியவில்லை என்று கேட்டோம். “பொசுக்கும்னா தெரியுதுங்க, ஆனா கையில பட்டிருக்குன்னு எப்படிங்க தெரியும்?” என்றார். அந்தக் கேள்விக்காகச் சேர்த்த வரி அது.